சண்டை சாட் ஸ்கிரீன்ஷாட்டை தேதி வாரியா அடுக்கி கம்ப்ளைன்ட்டோட வைக்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் டீம் லீட் மேல ஆபீஸ்ல எழுத்துப்பூர்வமா கம்ப்ளைன்ட் கொடுத்தப்ப மொத தடவை 61 ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஒரு மெயில்ல போட்டு அனுப்பினேன், ஒரு வாரம் கழிச்சு "எது முன்னாடி எது பின்னாடின்னு புரியல, தேதியோட கொடுங்க"ன்னு திரும்பி வந்துச்சு. ரெண்டாவது தடவை 19 படம், ஒன்றரை பக்க டேபிள், அவ்வளவுதான், அது நின்னுச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேருக்கு இதே வேலைய செஞ்சு கொடுத்திருக்கேன், அவங்க கேட்டதத்தான் இங்க எழுதிருக்கேன். எல்லாமே வாட்ஸப்ப வச்சு சொல்றேன், மத்த ஆப்ல பட்டன் இருக்குற இடம் மாறும், ஆனா சிக்கல் எல்லாம் இதேதான்.

"கேலரி முழுக்க ஸ்கிரீன்ஷாட்டா கிடக்கு, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?"

அடுக்கறத அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு ஃபோல்டர்ல எல்லாத்தையும் காப்பி பண்ணி "ஒரிஜினல்"னு பேர் வச்சு தனியா வச்சிடுங்க, அதுக்குள்ள இருக்குற எந்தப் படத்தையும் வெட்டாதீங்க, கோடு போடாதீங்க, பேர் கூட மாத்தாதீங்க. வேலை எல்லாம் இன்னொரு காப்பில. போன்ல இருந்து கம்ப்யூட்டருக்கு கேபிள் போட்டு மாத்துங்க. வாட்ஸப்லயே உங்களுக்கு நீங்களே போட்டோவா அனுப்பினா படம் சுருங்கும், ஃபைல் பேரும் மாறிடும், அந்தப் பேர் ஏன் முக்கியம்னு அடுத்த பதில்ல வருது.

அப்புறம் படங்களை மூடி வச்சுட்டு ஒரு பேப்பர் எடுத்து, எந்தெந்த நாள் என்ன நடந்துச்சுன்னு ஞாபகத்துல இருந்து எழுதுங்க. கேலரிய பாத்துக்கிட்டே எழுதினா எந்தெந்த நாளுக்கு படம் இருக்கோ அது மட்டும்தான் கதையாகும், படம் இல்லாத நாள் விட்டுப்போயிடும். நான் எழுதினப்ப 11 நாள் வந்துச்சு, அதுல மூணு நாளைக்கு என்கிட்ட ஸ்கிரீன்ஷாட்டே இல்ல, ஆனா சாட் அப்படியே இருந்துச்சு, போய் எடுத்துக்கிட்டேன்.

"ஸ்கிரீன்ஷாட்ல மேல 'இன்று'ன்னு தான் இருக்கு, தேதியே இல்லையே?"

பத்துல எட்டு பேருக்கு இதுதான் பிரச்சனை. சாட்டுக்கு நடுவுல வர்ற அந்த சின்ன தேதிப் பட்டை அன்னிக்கு பாத்தா இன்று, மறுநாள் பாத்தா நேற்று, அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு வெறும் கிழமை, ஒரு வாரம் தாண்டினாதான் முழு தேதியா மாறும். சண்டை நடக்குற சூட்டுல யாரு ஒரு வாரம் காத்திருப்பா, அப்பவே எடுத்துடுவோம், அதனால நம்ம கையில இருக்குற படம் எல்லாம் "இன்று"தான்.

சாட் இன்னும் போன்ல இருந்தா தீர்வு ரொம்ப ஈஸி, அதே இடத்துக்கு இப்ப போய் திரும்ப எடுங்க, முழு தேதி வந்திருக்கும். பழைய படத்தையும் தூக்கிப் போடாதீங்க, ரெண்டையும் வச்சுக்கோங்க, இடையில ஏதாவது மெசேஜ் அழிஞ்சிருந்தா பழைய படத்துல மட்டும்தான் அது இருக்கும்.

சாட்டே போயிடுச்சுன்னா ஃபைல் பேர பாருங்க. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல ஸ்கிரீன்ஷாட் பேர்லயே எடுத்த நாளும் நேரமும் இருக்கும்:

```
Screenshot_20240318-091205.png
```

இது 2024 மார்ச் 18, காலை 9 மணி 12 நிமிஷத்துல எடுத்தது. படத்துக்குள்ள பட்டையில "வியாழன்"னு இருந்தா, மார்ச் 18 திங்கள், அதுக்கு முன்னாடி வந்த வியாழன் மார்ச் 14, ஆக மெசேஜ் தேதி மார்ச் 14. இந்தக் கணக்க அப்படியே டேபிளுக்குக் கீழ ஒரு வரியா எழுதிடுங்க, படிக்கறவங்க அவங்களே கேலண்டர் பாத்து சரிபார்க்கலாம். ஐபோன்ல பேர் வெறும் நம்பரா வரும், படத்தோட விவரத்த திறந்தா எடுத்த தேதி தெரியும்.

இங்க பலபேர் சறுக்கற இடம் ஒன்னு இருக்கு. ஃபைல் பேர்ல இருக்குறது நீங்க படம் எடுத்த தேதி, மெசேஜ் வந்த தேதி இல்ல. இத ரெண்டையும் போட்டு குழப்பினா மார்ச் 14 சண்டை மார்ச் 18ல போய் உக்காந்துக்கும், எதிர்ல இருக்குறவர் "18ஆம் தேதி நான் இவங்களுக்கு மெசேஜே பண்ணலையே"ன்னு தன் போன நீட்டினா அவர் சொல்றது உண்மையாவும் இருக்கும், உங்க மொத்த ஃபைலும் ஆட்டம் கண்டுடும்.

"ராத்திரி ஆரம்பிச்ச சண்டை 12 மணி தாண்டியும் போச்சு, அத எந்தத் தேதில போடறது?"

ரெண்டு தேதிலயும். 11:52க்கு வந்தது 14, 12:07க்கு வந்தது 15. நமக்கு அது ஒரே ராத்திரிதான், ஆனா போன் நடுவுல ஒரு தேதிப் பட்டைய போட்டு பிரிச்சிடும், டேபிள்ல எல்லாத்தையும் 14னு எழுதிட்டு படத்துல 15னு இருந்தா அதையே பிடிச்சுக்குவாங்க. நேரத்த 24 மணி கணக்குல எழுதுங்க, 23:52, 00:07 இப்படி. 12:07னு வெறுமனே எழுதினா அது மதியமா ராத்திரியான்னு ஒரு சந்தேகம் எழும்.

என் கேஸ்ல இதுல இன்னொரு முடிச்சும் இருந்துச்சு. 15ஆம் தேதி 00:07க்கு லீட் அனுப்பினது "நாளைக்கு ஆபீஸ் வா, பாத்துக்கறேன்". அவர் மனசுல நாளைக்குன்னா விடிஞ்சதும், அதாவது 15 வெள்ளிக்கிழமை. ஆனா தேதிப்படி படிச்சா 15க்கு நாளைக்கு 16 சனிக்கிழமை, அன்னிக்கு ஆபீஸே லீவு. வெள்ளிக்கிழமை காலைல அவர் எல்லார் முன்னாடியும் கத்தினதுதான் என் கம்ப்ளைன்ட்டோட முக்கியமான சம்பவம், இந்த மெசேஜ் அதுக்கு முன்னோட்டம், இத விளக்காம விட்டிருந்தா ரெண்டும் ஒட்டாமப் போயிருக்கும். டேபிளோட குறிப்பு கட்டத்துல "நள்ளிரவு தாண்டி 7 நிமிஷத்துல வந்தது, அன்று காலை 09:40க்கு சம்பவம்"னு ஒரு வரி போட்டேன்.

நேரம்னு வந்தப்ப இதையும் சொல்லிடறேன், போன் இப்ப எந்த ஊர் நேரத்துல இருக்கோ அந்த நேரத்துலதான் பழைய மெசேஜையும் காட்டும். வேற நாட்டுக்குப் போன இடத்துல உக்காந்து திரும்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்கன்னா எல்லா நேரமும் மொத்தமா நகர்ந்துடும். அதனால டேபிள் தலைப்புலயே எந்த நாட்டு நேரம்னு எழுதிடுங்க, எல்லாப் படத்தையும் ஒரே நேர செட்டிங்ல எடுங்க.

"நடுவுல எதையோ மறைச்சுட்டாங்கன்னு அவர் சொன்னா என்ன பண்றது?"

சொல்ல முடியாத மாதிரி எடுக்கணும். ஒரு படத்தோட கடைசி மெசேஜ் அடுத்த படத்தோட முதல் மெசேஜா திரும்ப வரணும், சங்கிலி கண்ணி மாதிரி. கண்ணி விட்ட இடத்துலதான் கேள்வி வரும்.

நான் மொத தடவை அனுப்பினதுல ஒரு படம் 23:41ல முடியுது, அடுத்தது 23:49ல ஆரம்பிக்குது. நடுவுல எட்டு நிமிஷம் காணோம். லீட் கொடுத்த பதில்ல அதத்தான் பிடிச்சார், "அவங்க என்ன எழுதி என்னைக் கிளறினாங்கன்னு காட்டலையே"ன்னு. வேடிக்கை என்னன்னா அந்த எட்டு நிமிஷத்துல நான் எழுதினது நாலு மெசேஜ், அதுல ரெண்டு "சரி சார், காலைல முதல் வேலையா முடிச்சிடறேன்". எனக்கு சாதகமா இருந்தத நானே 'இது எதுக்கு, சும்மா மெசேஜ்தானே'ன்னு விட்டிருக்கேன்! திரும்ப எடுத்து சேர்த்ததும் அந்தக் கேள்வி அதோட முடிஞ்சுது.

ஒவ்வொரு படத்துலயும் மேல பேர் தெரியணும், போன் மேல்பட்டையில இருக்குற மணிகூட இருக்கட்டும், அத வெட்டாதீங்க. சண்டை ஆரம்பிக்கறதுக்கு முந்தின சாதாரண மெசேஜ் ரெண்டு மூணும், முடிஞ்சப்புறம் வந்த முதல் மெசேஜும் சேர்த்து எடுங்க.

நீளமா உருட்டி ஒரே படமா எடுக்கற வசதி இப்ப நிறைய போன்ல இருக்கு, எனக்கு அது பிடிக்காது. திரைல பாக்க நல்லா இருக்கும், ஏ4 பேப்பர்ல போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும், மேல இருக்குற பேர் ஒரு தடவைதான் வரும், ஒட்டின இடத்துல சில சமயம் வரி பாதியா வெட்டுப்படும். பக்கத்துக்கு ரெண்டு சாதாரண ஸ்கிரீன்ஷாட்தான் சரி.

"நானும் கோவத்துல கண்டபடி பேசிருக்கேன், அந்த இடத்த மட்டும் விட்டுடலாமா?"

வேண்டாம். அவர் போன்லயும் அதே சாட் இருக்குங்க. நீங்க மறைச்சத அவர் கொண்டு வந்தா அது ஒன்னுதான் பேச்சாகும். நான் 00:09க்கு "உங்களுக்கெல்லாம் மூளையே கிடையாதா"ன்னு அனுப்பிருந்தேன், டேபிள்ல அதையும் ஒரு வரியா, அதே எழுத்துல, யார் அனுப்பினதுன்னு 'நான்'னு போட்டு வச்சேன். கம்ப்ளைன்ட்லயும் "இது நான் எழுதினது, தவறு"ன்னு ஒரு வாக்கியம். யாரும் அதப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கல.

"அவர் மெசேஜை அழிச்சிட்டார் / திருத்திட்டார், இப்ப எப்படி காட்டறது?"

அழிச்ச இடத்துல மெசேஜ் அழிக்கப்பட்டதுன்னு ஒரு வரி நிக்கும், அந்த வரியையும் நேரத்தோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, மேலயும் கீழயும் இருக்குற மெசேஜ் ரெண்டு படத்துலயும் ஒன்னா இருந்தா அதே இடம்தான்னு பாத்ததும் புரியும். முன்னாடி எடுத்தது எதுவும் இல்லன்னா என்ன எழுதிருந்தார்னு ஞாபகத்துல இருந்து வார்த்தைக்கு வார்த்தை எழுதாதீங்க, "அழிக்கப்பட்ட மெசேஜ், உள்ளடக்கம் என்னிடம் இல்லை"ன்னு போட்டு நகருங்க.

வாட்ஸப்ல அனுப்பி 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், திருத்தினா நேரத்துக்குப் பக்கத்துல அதுக்கான குறி வரும், அத கவனிச்சு டேபிள்ல எழுதுங்க. எல்லாருக்கும் அழிக்கறதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு நாள் அவகாசம் இருக்கு, ஆக திட்டு வந்த அன்னிக்கே படம் எடுத்தாதான் உண்டு. தானா மறையற செட்டிங் போட்டிருந்தா அதவிட அவசரம், 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு மூணு அளவு இருக்கு, எது போட்டிருக்குன்னு சாட் விவரத்துல பாத்து அதையும் ஒரு படம் எடுத்துக்கோங்க.

"டேபிள்ல என்னென்ன எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்"

வரிசை எண், தேதி, நேரம், யார், என்ன சொன்னார், எந்தப் படம், குறிப்பு. இவ்வளவுதான். என்னுதுல இருந்து மூணு வரி:

> 4 | 14-மார்ச்-2024 | 23:41 | லீட் | "லீவு போட்டா செத்துட்டியா, போன எடுக்க மாட்டியா" | படம் 02 | அன்று எனக்கு அனுமதிச்ச லீவு
>
> 5 | 14-மார்ச்-2024 | 23:43 முதல் 23:48 வரை | நான் | 4 மெசேஜ், "சரி சார், காலைல முதல் வேலையா முடிச்சிடறேன்" இரண்டு முறை | படம் 03 |
>
> 8 | 15-மார்ச்-2024 | 00:07 | லீட் | "நாளைக்கு ஆபீஸ் வா, பாத்துக்கறேன்" | படம் 05 | அன்று காலை 09:40 சம்பவம்

கவனிச்சீங்கன்னா 'என்ன சொன்னார்' கட்டத்துல மேற்கோளுக்குள்ள அவர் எழுத்து மட்டும்தான், எழுத்துப்பிழை இருந்தாலும் அப்படியே. "மிரட்டினார்", "கேவலமா பேசினார்"னு அங்க எழுதினா அது உங்க கருத்து. அது கம்ப்ளைன்ட் கடிதத்துக்குள்ள போகட்டும், டேபிள் வெறும் நடந்தது. குறிப்பு கட்டத்துலயும் சரிபார்க்கக்கூடிய விஷயம் மட்டும், லீவு அனுமதி மாதிரி, அதுக்கு லீவு மெயில் ஒரு காப்பி கூட வச்சேன்.

மாசத்த எழுத்துல எழுதினதுக்கு ஒரு காரணம் இருக்கு. 03/04/2024ன்னு போட்டா ஒருத்தருக்கு ஏப்ரல் 3, இன்னொருத்தருக்கு மார்ச் 4.

"சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி அந்த ஃபைல மட்டும் கொடுத்தா போதாதா?"

தனியா போதாது, அது வெறும் எழுத்து ஃபைல், யார் வேணும்னாலும் திறந்து மாத்தி எழுதிடலாம்னு ஈஸியா சொல்லிடுவாங்க. ஆனா உங்க வேலைக்கு அதவிட நல்ல கருவி கிடையாது. சாட்டுக்குள்ள `Export chat` அழுத்தி மீடியா இல்லாம எடுத்தீங்கன்னா மொத்த சாட்டும் தேதி நேரத்தோட வரிசையா வரும், டேபிள்ல எழுதின ஒவ்வொரு வரியையும் அதோட ஒப்பிட்டுப் பாருங்க. நான் ஒப்பிட்டப்ப ரெண்டு நேரம் தப்பா எழுதிருந்தேன். ஐபோன்ல எடுத்தா வினாடி வரைக்கும் இருக்கும், ஒரே நிமிஷத்துல அஞ்சாறு மெசேஜ் பறந்திருந்தா எது முன்னாடின்னு அதுல தெரியும்.

ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. தேதி வரிசை உங்க போன் செட்டிங்படி வரும், நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னு சந்தேகம்னா 12க்கு மேல எண் வர்ற தேதி ஒன்ன தேடுங்க, 14 எந்தப் பக்கம் நிக்குதோ அதுதான் நாள். அப்புறம் எதிர்ல இருக்குறவர் கூடுதல் பிரைவசி செட்டிங்க போட்டிருந்தா எக்ஸ்போர்ட் வேலை செய்யாது, அப்ப ஸ்கிரீன்ஷாட்தான் வழி.

"அவர் நம்பர 'சைக்கோ'ன்னு சேவ் பண்ணி வச்சிருக்கேன், எல்லாப் படத்துலயும் அதுதான் மேல இருக்கு 😬"

சிரிக்காதீங்க, இது நிறைய பேருக்கு இருக்கு. பேர மாத்திட்டு திரும்ப எடுங்க, மேல புதுப் பேர் வரும். ஏற்கனவே எடுத்ததுல மாத்த முடியாதத வச்சே ஆகணும்னா "படம் 06ல் வரும் பெயர் நான் சேமித்திருந்தது, எண் ஒன்றே"ன்னு ஒரு குறிப்பு. போட்டோ எடிட்டர்ல போய் அந்தப் பேர அழிக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு எழுத்து திருத்தினாலும் திருத்தின படம்தான் அது.

பேர் என்னவா இருந்தாலும் அது நீங்க வச்ச பேர், அவர்தான்னு அது காட்டாது. அதனால முதல் படமா காண்டாக்ட் விவரப் பக்கத்த வைங்க, நம்பர் தெளிவா தெரியற மாதிரி.

"வாய்ஸ் நோட்ல தான் நிறைய திட்டிருக்கார்"

ஸ்கிரீன்ஷாட்ல அது எவ்வளவு நீளம்னு தெரியும், 0:47 மாதிரி, அதுவே அடையாளம். ஆடியோ ஃபைல தனியா சேமிச்சு அதே வரிசை எண்ணை பேரா வைங்க. டேபிள்ல முழுசா எழுத வேண்டாம், முக்கியமான வாக்கியமும் அது எத்தனாவது வினாடில வருதுன்னும் போதும், முழு எழுத்து வடிவம் பின்னிணைப்புல. கேக்காத வார்த்தைய ஊகிச்சு நிரப்பாதீங்க, "தெளிவாக இல்லை"ன்னு போடுங்க.

"குரூப்ல நடந்த சண்டை, சம்பந்தமில்லாதவங்க பேர் நம்பர் எல்லாம் தெரியுதே"

கொடுக்கற காப்பில மறைக்கலாம், ஒரிஜினல்ல கூடாது. மறைக்கும்போது போன்ல இருக்குற ஹைலைட்டர் பேனால தேய்க்காதீங்க, அது பாதி ஒளி ஊடுருவும், பிரைட்னஸ ஏத்தினா உள்ள இருக்குறது எட்டிப் பாக்கும். முழுக் கருப்புக் கட்டம் போட்டு, படமா சேமிச்சு, அப்புறம் பிடிஎஃப்ல சேருங்க. பிடிஎஃப் மேல கட்டம் வரைஞ்சா சில சமயம் அத நகர்த்திட்டு கீழ படிக்கலாம். மறைச்சவங்கள "நபர் அ", "நபர் ஆ"ன்னு குறிங்க, கடைசி வரைக்கும் ஒரே ஆளுக்கு ஒரே எழுத்து. சாட்சியா நிக்கக் கூடியவங்கள மறைக்கறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேட்டுடுங்க.

"கடைசியா ஃபைல் பேர் எப்படி வைக்கறது, எப்படி அனுப்பறது?"

வரிசை எண், வருஷம் மாசம் நாள், படத்துல முதல்ல வர்ற மெசேஜோட நேரம்:

```
02_2024-03-14_2338.png
03_2024-03-14_2341.png
05_2024-03-15_0007.png
```

வருஷம் முன்னாடி இருந்தா கம்ப்யூட்டர் தானாவே தேதி வரிசைல அடுக்கிடும். 2ன்னு போடாம 02ன்னு போடுங்க, இல்லன்னா சில இடத்துல 10 வந்து 2க்கு முன்னாடி உக்காந்துக்கும். (04 மேல மாதிரில இல்லையேன்னு கேட்டா, அது 23:49ல ஆரம்பிக்கறது, இடத்துக்காக விட்டேன், நிஜ ஃபோல்டர்ல எண் விட்டுப்போகக் கூடாது.)

எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்குங்க, முதல்ல கடிதம், அடுத்து டேபிள், அப்புறம் படங்கள், ஒவ்வொரு படத்துக்கு கீழயும் "படம் 05"ன்னு படத்துக்கு வெளிய எழுதுங்க. கடிதத்துக்குள்ள "அவர் என்னை மிரட்டினார் (வரிசை 8, படம் 05)"ன்னு கை காட்டுங்க. படம் 19க்கு மேல போனா நான் ஒருதடவை யோசிப்பேன், ஒரே மாதிரி திட்டு பத்து தடவை வந்திருந்தா மூணு படம் போட்டுட்டு மீதி ஏழு தேதிய டேபிள்ல மட்டும் எழுதி "கேட்டால் தருகிறேன்"னு விடலாம், ஏன்னா 61 படத்த ஒக்காந்து யாரும் பாக்கல, என் அனுபவம்.

அனுப்பறதுக்கு முன்னாடி இந்தச் சண்டையே தெரியாத ஒருத்தர்கிட்ட பிடிஎஃப கொடுத்து ஒன்னே ஒன்னு கேளுங்க, 15ஆம் தேதி காலைல என்ன நடந்துச்சு, அதுக்கு முந்தின ராத்திரி யார் என்ன சொன்னாங்கன்னு. அவர் உங்கள ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்காம பக்கத்த புரட்டி பதில் சொல்லிட்டார்னா அனுப்பிடலாம். என் அக்கா வரிசை 6ல நின்னுட்டா, "இந்த 'அது' எது?"ன்னு. லீட் "அத அனுப்பாதேன்னு சொன்னேன்ல"ன்னு எழுதிருந்தார், எனக்கு அது எந்த ரிப்போர்ட்னு தெரியும், அவளுக்கு எப்படி தெரியும்? குறிப்பு கட்டத்துல ரிப்போர்ட் பேர சேர்த்துட்டு அன்னிக்கு சாயங்காலமே அனுப்பினேன்.